பிழைபட்ட பில்லும் அதை விளக்கும் கடிதமும்

பெருந்துறை வட்டத்தைச் சேர்ந்த ஒரு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திற்கு 2025ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஆய்வுக்காகச் சென்றிருந்தேன். சங்கத்தின் பெயர் இங்கு வேண்டியதில்லை. கணக்குகள் ஒழுங்காக இருந்தன. சரக்கிருப்பும் ஏட்டோடு ஒத்திருந்தது. ஆயினும் அந்த வாரக் கூலிப் பட்டுவாடா மூன்று நாள் தள்ளிப் போயிருந்தது. காரணம் கேட்டேன். கோவையில் உள்ள ஒரு ஜவுளிக் கடையிலிருந்து வரவேண்டிய 42,000 ரூபாய் ஒரு மாதமாக நின்றுபோயிற்று என்றார் காரியதரிசி. அது போதாதென்று, திருப்பிப் பெற்றுவிட்டதாக நினைத்திருந்த 6,000 ரூபாய் வரியும் மறுபடி சங்கத்தின் தலையில் ஏறியிருந்தது. இரண்டுக்கும் மூலகாரணம் என்னவென்று தேடிச் சென்றபோது, ஐந்து வரியில் எழுதப்பட்ட ஒரு கடிதத்தில் போய் நின்றோம்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். சென்னிமலைப் பக்கத்துப் போர்வைகளைப் பற்றி நம் அங்கத்தினர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஒரு போர்வையின் விலை ஆயிரம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் 5 சதவீத வரி, மேற்பட்டால் 12 சதவீத வரி என்பதே முன்பிருந்த முறை. ஜி.எஸ்.டி. மன்றம் 3-9-2025 அன்று கூடி இந்த விகிதங்களை மாற்றிற்று. அதன்படி 22-9-2025 முதல், உருப்படி ஒன்றுக்கு 2,500 ரூபாய் வரையில் விலையுள்ள போர்வைகளுக்கு 5 சதவீதமே வரி. அதற்கு மேற்பட்டவற்றிற்கு 18 சதவீதம். இந்தச் சங்கத்தில் 1,250 ரூபாய் விலையில் ஒரு ரகம் உண்டு. பில் போடும் கணிப்பொறியில் அந்த ரகத்திற்குரிய விகிதம் பழைய 12 என்றே இருந்துவிட்டது. ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்ட மற்ற ரகங்களுக்கு வரி மாறவில்லை ஆதலால், நாள்தோறும் போடும் பில்கள் யாவும் சரியாகவே இருந்தன. இந்த ஒரு ரகத்தில் மட்டும் தவறு ஒளிந்துகொண்டது.

26-9-2025 அன்று அந்த ரகத்தில் 40 போர்வைகள் கோவைக் கடைக்குச் சென்றன. சரக்கின் மதிப்பு 50,000 ரூபாய். 12 சதவீத வரி 6,000 ரூபாய். ஆக 56,000 ரூபாய்க்குப் பில் போயிற்று. கடைக்காரரும் அக்டோபர் முதல் வாரத்தில் முழுத்தொகையையும் வங்கி மூலம் செலுத்திவிட்டார். உண்மையில் வரி 2,500 ரூபாயாகவும் மொத்தம் 52,500 ரூபாயாகவும் இருந்திருக்கவேண்டும். கூடுதலாக வாங்கியது 3,500 ரூபாய்.

தீபாவளிக்கு நான்கு நாள் முன்னர் சங்கத்தின் கணக்கர் இதைக் கண்டுபிடித்தார். அதற்குள் செப்டம்பர் மாத ரிட்டர்ன் போய்விட்டது. ஆகவே அவர் முறைப்படியான வழியையே மேற்கொண்டார். பில்லில் கண்ட வரி, செலுத்தவேண்டிய வரியைவிட அதிகமாக இருந்தால் விற்றவர் கிரெடிட் நோட் எழுதலாம் என்று ஜி.எஸ்.டி. சட்டத்தின் 34ஆவது பிரிவு கூறுகிறது. வித்தியாசமான 3,500 ரூபாய்க்கு மட்டும் எழுதவும் சட்டத்தில் தடையில்லை. ஆனால் 12க்கும் 5க்கும் இடையிலுள்ள 7 சதவீதம் என்று ஒரு விகிதம் வரிப்பட்டியலில் இல்லாமையால், விகிதம் தவறிய இடங்களில் பல கணக்கர்கள் பழைய பில் முழுவதற்கும் ஒரு கிரெடிட் நோட் எழுதி, சரியான விகிதத்தில் புதிய பில் ஒன்று போட்டுவிடுவார்கள். இவரும் 17-10-2025 தேதியில் அப்படியே செய்தார். கிரெடிட் நோட் 56,000 ரூபாய்க்கு. புதிய பில் 52,500 ரூபாய்க்கு. இதுவரை குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

பிறகு இரண்டையும் உறையிலிட்டு, இந்தக் கடிதத்தையும் சேர்த்து அனுப்பினார்:

"ஐயா, தொழில்நுட்பக் காரணங்களால் தங்கள் பில் எண் 214 ரத்து செய்யப்பட்டுத் திருத்தப்பட்டுள்ளது. ரூ. 56,000-க்கான கிரெடிட் நோட்டும் திருத்திய பில்லும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. தங்கள் கணக்கில் உரியவாறு சரிசெய்துகொள்ள வேண்டுகிறோம். ஏற்பட்ட அசௌகரியத்திற்கு வருந்துகிறோம்."

மரியாதையான கடிதம்தான். எத்தனையோ அலுவலகங்களில் இதே வாசகத்தைக் கண்டிருக்கிறேன். நானே எழுதியும் இருக்கிறேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இக்கடிதத்தை முதலில் படித்தவர் கடைக்காரர். "கிரெடிட்" என்பது அவருக்கு வரவு. கடிதத்தில் கண்ட ஒரே தொகை 56,000. திருத்திய பில் என்பது பழைய பில்லுக்குப் பதிலாக வந்த காகிதம் என்றும், 56,000 ரூபாய் தமக்குத் தனியாக வரவேண்டியது என்றும் அவர் கொண்டுவிட்டார். நவம்பரில் இன்னும் 32 போர்வைகள் சென்றன. மதிப்பு 40,000, வரி 2,000, மொத்தம் 42,000. பணம் வராதது கண்டு காரியதரிசி தொலைபேசியில் கேட்டபோது கிடைத்த பதில் இது: "ஏனுங்க, ஐம்பத்தாறாயிரம் எனக்கு வரவு என்று நீங்களே எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறீர்களுங்க. இந்தச் சரக்குக்கு நாற்பத்திரண்டு போனால், மேற்கொண்டு பதினாலாயிரம் நீங்கள்தானுங்க எனக்குத் தரவேண்டும்." அவர் ஏமாற்றுகிறவர் அல்லர், பத்தாண்டுகளாகத் தவணை தவறாதவர். கடிதத்தைப் படித்து அதன்படியே நடந்தார்.

அடுத்துப் படித்தவர் கடையின் கணக்கர். "உரியவாறு சரிசெய்துகொள்ள" என்றால் என்ன செய்வது? புதிய பில்லை ஏட்டில் ஏற்றினார். சரக்கு அறையில் கேட்டபோது அந்தத் தேதியில் போர்வை ஒன்றும் வரவில்லை என்றார்கள். இருப்பினும் பில் இருந்ததால், இருப்பு ஏட்டில் மேலும் 40 போர்வைகள் ஏறின. கிரெடிட் நோட்டையோ அவர் அடையாளம் காணவே முடியவில்லை. கடிதத்தில் அதற்கு எண் இல்லை, காகிதத்தில் "கி.நோ. 7" என்று கையால் எழுதியிருந்தது, வலைத்தளத்திலோ `CN/25-26/007` என்று தோன்றிற்று. சரக்கு எதையும் தாங்கள் திருப்பி அனுப்பவில்லையே, இது வேறு யாருக்கோ உரியதாக இருக்கும் என்று எண்ணி, அதை மறுத்துவிட்டார்.

இந்த மறுப்பின் விளைவை நம் சங்கங்களில் பலர் இன்னும் அறியவில்லை. ஆதலால் சற்று விரிவாகச் சொல்வது நலம். நாம் ஒரு மாதத்தில் எழுதிய பில்களும் கிரெடிட் நோட்டுகளும் அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1 என்னும் ரிட்டர்னில் செல்கின்றன. அவை வாங்கியவரின் கணக்கர் முன் திரையில் வந்து நிற்கும். 2024 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்துள்ள இந்த ஏற்பாட்டிற்கு இன்வாய்ஸ் மேனேஜ்மெண்ட் சிஸ்டம் என்று பெயர். ஒவ்வொன்றையும் அவர் ஏற்கலாம் அல்லது மறுக்கலாம். ஒன்றும் செய்யாமல் விட்டால் ஏற்றதாகவே கொள்ளப்படும். நாம் எழுதிய கிரெடிட் நோட்டால் நம்முடைய வரிப் பொறுப்பு குறைந்திருக்கும். வாங்கியவர் அதை மறுத்துவிட்டால், குறைந்த அத்தொகை அடுத்த மாதத்து ஜி.எஸ்.டி.ஆர்-3பி ரிட்டர்னில் நம்முடைய பொறுப்பாகத் திரும்ப ஏறிவிடும். முறையும் நியாயமானதே. பழைய பில்லில் கண்ட 6,000 ரூபாயை அவர் உள்ளீட்டு வரி வரவாக எடுத்திருப்பார். அவர் அதைத் திருப்பாத வரையில் நாம் நமது வரியைக் குறைத்துக்கொள்வது எப்படிப் பொருந்தும்? 2025ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 34ஆவது பிரிவில் இதை வெளிப்படையாகவே சேர்த்துவிட்டது.

ஆகவே நம் சங்கத்திற்கு 6,000 ரூபாய் திரும்ப ஏறிற்று. கடைக்கும் இதில் லாபமில்லை. பழைய பில்லின் 6,000, புதிய பில்லின் 2,500 என்று ஒரே சரக்கிற்கு அவர்கள் 8,500 ரூபாய் வரவு எடுத்து நின்றார்கள். எடுத்திருக்கத் தக்கது 2,500 மட்டுமே. மிகுதியைப் பயன்படுத்திவிட்டால், கண்டுபிடிக்கப்படும் நாளில் ஆண்டுக்கு 18 சதவீத வட்டியோடு கட்டவேண்டிவரும்.

காரியதரிசியும் கணக்கரும் நானுமாக அமர்ந்து அந்தக் கடிதத்தைத் திருப்பி எழுதினோம். 17-10-2025 அன்றே அது எப்படிப் போயிருக்க வேண்டுமோ அப்படி எழுதிப் பார்த்தோம். அதை முழுவதும் கீழே தருகிறேன்.

"பொருள்: 26-9-2025 தேதியிட்ட பில் `HL/25-26/214` (40 போர்வைகள்). கூடுதலாக வாங்கிய வரி ரூ. 3,500 திருப்பித் தருதல்.

ஐயா,

மேற்படி 40 போர்வைகளுக்கு 5 சதவீத வரி போடுவதற்குப் பதிலாக, 22-9-2025க்கு முந்தைய விகிதமான 12 சதவீதத்தைப் போட்டுவிட்டோம். பிழை எங்களுடையது. போர்வையின் விலையிலும் எண்ணிக்கையிலும் மாற்றம் இல்லை.

தாங்கள் செலுத்தியது ரூ. 56,000. செலுத்தவேண்டியது ரூ. 52,500. எங்களிடமிருந்து தங்களுக்கு வரவேண்டியது ரூ. 3,500 மட்டுமே. இதை அடுத்த பில்லுக்குப் பணம் அனுப்பும்போது கழித்துக்கொள்ளலாம். இப்போதே பணமாக வேண்டுமானால் 31-10-2025க்குள் தெரிவித்தால் வங்கி மூலம் அனுப்புகிறோம்.

தங்கள் கணக்கரின் கவனத்திற்கு:

பழைய பில் `HL/25-26/214`, தேதி 26-9-2025: மதிப்பு 50,000, மத்திய வரி 3,000, மாநில வரி 3,000, மொத்தம் 56,000. இது ஏட்டில் உள்ளபடியே இருக்கட்டும்.

இதை ஈடுகட்டும் கிரெடிட் நோட் `CN/25-26/007`, தேதி 17-10-2025: மதிப்பு 50,000, மத்திய வரி 3,000, மாநில வரி 3,000, மொத்தம் 56,000. சரக்கு ஏதும் திரும்பி வரவில்லை.

அதே சரக்கிற்குச் சரியான விகிதத்தில் புதிய பில் `HL/25-26/241`, தேதி 17-10-2025: மதிப்பு 50,000; மத்திய வரி 1,250; மாநில வரி 1,250; மொத்தம் 52,500. இதற்கெனச் சரக்கு ஏதும் புதிதாக அனுப்பப்படவில்லை.

கடைசி இரண்டும் எங்கள் அக்டோபர் மாத ரிட்டர்னில் காணப்படும். இரண்டையும் சேர்த்து ஏற்க வேண்டுகிறோம். செப்டம்பரில் ரூ. 6,000 வரவு எடுத்திருந்தால், அக்டோபரில் 6,000 கழிந்து 2,500 சேரும். முடிவில் நிற்கும் வரவு ரூ. 2,500. இதில் எதுவும் தங்கள் ஏட்டோடு ஒவ்வாவிட்டால், மறுப்பதற்கு முன் எங்கள் கணக்கரை அழைத்துப் பேசக் கோருகிறோம்."

பழைய கடிதத்தைவிட இது நீளந்தான். ஆனால் இதைப் படிப்பவர் இருவர். கடைக்காரர் முதல் இரண்டு பத்திகளோடு நிறுத்திக்கொள்ளலாம். கணக்கர் அங்கிருந்தே தொடங்கலாம். இருவருக்கும் வேண்டிய செய்தி ஒன்றல்ல. கடைக்காரர் கேட்பது, "நான் தரவேண்டுமா, எனக்கு வரவேண்டுமா, எவ்வளவு?" என்பது. கணக்கர் கேட்பது, "எந்த எண், எந்தத் தேதி, எந்த மாதம், எவ்வளவு வரி?" என்பது. இவ்விரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்தால் இருவருக்கும் விளங்காமற் போகிறது. 56,000 என்னும் தொகை கணக்கருக்கு அவசியம். கடைக்காரருக்கோ அது தீங்கு. ஆகையால் அவருக்குரிய பகுதியில், அவர் தம் கையால் செலுத்திய தொகையாக மட்டுமே அது வருகிறது.

இங்கே சொற்களைப் பற்றியும் ஓரிரண்டு சொல்லவேண்டும். "ரத்து" என்ற சொல்லை நாங்கள் வேண்டுமென்றே நீக்கினோம். பில் ரத்து என்று படிக்கும் கணக்கர் சிலர், பழைய பில்லை ஏட்டிலிருந்து எடுத்தேவிடுவார்கள். கிரெடிட் நோட்டையும் ஏற்றுவார்கள். அப்போது ஒரே 56,000 இருமுறை கழிந்துவிடும். கிரெடிட் நோட் எழுதும்போது பழைய பில் சாவதில்லை. அது இருக்கிறது, அதன் எதிரே மற்றொன்று நிற்கிறது. "ஈடுகட்டும்" என்ற சொல் இதைச் சரியாகச் சொல்கிறது.

"திருத்திய பில்" என்பதும் அவ்வாறே. ஜி.எஸ்.டி. சட்டத்தில் திருத்திய விலைப்பட்டியல் என்று ஒன்று உண்டு. ஆனால் அது புதிதாகப் பதிவு பெற்றவர், பதிவு நடைமுறைக்கு வந்த நாளுக்கும் சான்றிதழ் கைக்கு வந்த நாளுக்கும் இடையில் போட்ட பில்களுக்கு மட்டும் உரியது. நம்முடையது அதுவன்று. புதிய எண்ணும் புதிய தேதியும் கொண்ட ஒரு புதிய பில். பழைய எண்ணையே திரும்பப் போட்டு "திருத்தியது" என்று முத்திரை குத்துவதைச் சில இடங்களில் பார்த்திருக்கிறேன். ஒரு நிதியாண்டில் ஓர் எண் ஒரு பில்லுக்கே உரியது. இரண்டாவதை வலைத்தளம் ஏற்காது.

எண்ணை எழுதும் முறையிலும் கவனம் வேண்டும். ரிட்டர்னில் எப்படி ஏற்றினோமோ அப்படியே, கோடும் சுழியும் மாறாமல், கடிதத்திலும் எழுதவேண்டும். கணக்கர் திரையிலுள்ள பட்டியலில் அந்த எழுத்துகளைத்தான் தேடுகிறார். எங்கள் விஷயத்தில் பழைய பில் 214, புதியது 241 என்று அமைந்தது ஒரு துரதிருஷ்டம். இரண்டும் ஒன்றே என்று கடையில் ஒருவர் முதலில் எண்ணினாராம். அதனால்தான் எண்ணுக்கு அருகிலேயே தேதியையும் எழுதினோம்.

"தொழில்நுட்பக் காரணம்" என்று எழுதியது மானத்தைக் காக்க எழுதியது, எனக்குப் புரிகிறது. ஆயினும் காரணத்தை மறைப்பதால் கணக்கருக்கு ஒரு நஷ்டம் உண்டு. வரி விகிதத்தில் பிழை என்று தெரிந்தால், அதே ரகத்திற்கு வந்த மற்றப் பில்களையும் அவர் எடுத்துப் பார்ப்பார். எண்ணிக்கையிலோ எடையிலோ பிழை என்றால் அந்த ஒரு பில்லோடு விஷயம் முடிந்தது. நாங்களும் இந்தக் கடிதத்தை எழுதும்போதுதான், 22-9-2025க்குப் பிறகு அதே 1,250 ரூபாய் ரகத்திற்குப் போட்ட பில்கள் அனைத்தையும் எடுத்துப் பார்த்தோம். மேலும் ஒரு பில்லில் அதே 12 இருந்தது. அதற்குரியவருக்கு அன்றே கடிதம் போயிற்று.

விளைபொருள் விற்கும் சங்கத்தார் இதைப் படித்து, எல்லாப் பிழைக்கும் முழுக் கிரெடிட் நோட்டும் புதிய பில்லும் வேண்டுமென்று கொள்ளவேண்டாம். பெருந்துறையில் கொப்பரை விற்கும் ஒரு சங்கம் 1,005 கிலோவை 1,050 கிலோ என்று பில் போட்டுவிட்டதாக வைத்துக்கொள்வோம். கிலோ 200 ரூபாய் என்றால், 45 கிலோவிற்கு 9,000 ரூபாயும் 5 சதவீத வரி 450 ரூபாயும் கூடுதல். இங்கே விகிதம் சரியாக இருப்பதால் 9,450 ரூபாய்க்கு ஒரு கிரெடிட் நோட் போதும். புதிய பில் வேண்டியதில்லை. கடிதமும் சிறிதாகிவிடும்: எடைச் சீட்டில் கண்டது இவ்வளவு, பில்லில் கண்டது இவ்வளவு, வித்தியாசம் இவ்வளவு. எடையைக் குறைத்துப் போட்டிருந்தால் எழுதவேண்டியது கிரெடிட் நோட் அன்று, டெபிட் நோட். அப்போது பணம் கேட்கும் கடிதமாகிவிடுவதால், தொகையை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது இன்னும் அவசியம். வாங்கியவர் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத வீட்டுக்காரர் என்றால் கணக்கர் பகுதி முழுவதையும் விட்டுவிடலாம். அவருக்கு உள்ளீட்டு வரி வரவு இல்லை. அவருக்குத் தெரியவேண்டியது தம் பணம் எவ்வளவு, எப்போது வரும் என்பதே.

காலவரையறையும் ஒன்று உண்டு. சரக்கு விற்ற நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30ஆம் தேதிக்குள், அல்லது அந்த ஆண்டிற்குரிய ஆண்டு ரிட்டர்னைக் கொடுக்கும் நாளுக்குள், இவற்றில் எது முந்தியதோ அதற்குள் கிரெடிட் நோட்டை ரிட்டர்னில் காட்டியாகவேண்டும். 2025-26ஆம் ஆண்டில் விற்றதற்கு 30-11-2026 கடைசி நாள். அதற்குப் பிறகு கடைக்காரருக்கு நாம் பணத்தைத் திருப்பித் தரலாம்; ஆனால் அரசுக்குச் செலுத்திய வரியை இந்த வழியில் குறைத்துக்கொள்ள முடியாது. அந்தத் தொகை சங்கத்தின் நஷ்டமாகவே நிற்கும்.

இனி அந்தக் கோவைக் கடையின் விஷயம். டிசம்பரில் நாங்கள் அனுப்பிய கடிதம் மேலே கண்டதே. முந்தைய கடிதத்தால் ஏற்பட்ட குழப்பத்தைப் பற்றி ஒரு பத்தி மட்டும் கூட்டியிருந்தோம். நவம்பர்ப் பில்லுக்குரிய 42,000 ரூபாயில் 3,500 ரூபாய் போக 38,500 ரூபாய் அனுப்பினால் கணக்கு நேராகிவிடும் என்றும் அதில் எழுதினோம். கடைக்காரர் படித்துவிட்டு, "இதை முதலிலேயே இப்படி எழுதியிருக்கலாமல்லவா?" என்றாராம். ஐந்தாம் நாள் 38,500 ரூபாய் வந்து சேர்ந்தது.

வரியைச் சரிசெய்யச் சற்று நாளாயிற்று. திரும்ப ஏறிய 6,000 ரூபாயை நவம்பர் மாத ரிட்டர்னோடு சங்கம் முதலில் கட்டவேண்டியதாயிற்று. தவறாக மறுக்கப்பட்ட கிரெடிட் நோட்டை, விவரம் ஒன்றும் மாற்றாமல், பின்னால் வரும் ஜி.எஸ்.டி.ஆர்-1 ரிட்டர்னின் திருத்தப் பட்டியலில் மறுபடியும் ஏற்றலாம். வாங்கியவர் இம்முறை ஏற்றுக்கொண்டால் இரு தரப்புக் கணக்கும் நேராகிவிடும். டிசம்பர் மாத ரிட்டர்னில் அவ்வாறே ஏற்றினோம். அதை ஏற்றிய அன்றே காரியதரிசி கடையின் கணக்கரைத் தொலைபேசியில் அழைத்து, எண்ணை எழுத்து எழுத்தாகச் சொன்னார். மறுமுனையில் அவர் தம் திரையைப் பார்த்துக்கொண்டே அதைத் திருப்பிச் சொல்லி, `Accept` என்பதை அழுத்திவிட்டதாகத் தெரிவித்தார். இருப்பு ஏட்டில் அதிகமாக நின்ற 40 போர்வைகளையும் அன்றே கழித்துவிட்டார்களாம்.

பில் போடும் கணிப்பொறியில் 1,250 ரூபாய் ரகத்திற்கு எதிரே இப்போது 5 என்று இருக்கிறது. அதை நான் நேரில் பார்த்தேன். 2,600 ரூபாய் விலையில் ஒரு புதுரகம் தறியேறியிருக்கிறது. அதற்கு எதிரே 18 என்று போட்டுவைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.